ரத்து செய்ய வசதி வேண்டுமா?

பென்னாகரத்தில் வஹிதா மேடத்தின் அறிவுக்கு விலை வைத்தது அவருடைய மகள் சமரீன். அதுவரை அது இலவசமாகத்தான் இறைந்துகிடந்தது.

பட்டுப்புழுவுக்கு எந்த நோய் வந்தாலும் சுற்றுப்பட்டில் முதல் போன் வஹிதாவுக்குத்தான். தனியார் இளம்புழு வளர்ப்பு மையத்தில் இருபது வருடம் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் விடவில்லை. தோசை திருப்பும்போது ஒருவர், தொழுது எழும்போது ஒருவர். புழு விஷயம் முடிந்ததும் மருமகள் விஷயம், கரண்ட் பில் விஷயம். கணவர் இறந்த வீட்டில் அந்த போன்தான் ஓயாமல் பேசியது.

“அம்மி, பல் டாக்டர்கூட வாயைத் திறக்கச் சொன்னா காசு வாங்கறார். நீங்க உங்க வாயைச் சும்மாவே திறக்கறீங்க,” என்றாள் பெங்களூரிலிருந்து சமரீன்.

நூறு முட்டைத் தொகுதி வளர்ப்பவருக்கு ஒரு ஈடு, அதாவது ஒரு தடவை வளர்த்த புழு மொத்தமும், போனால் முப்பதாயிரத்துக்கு மேல் நட்டம். அதைக் காப்பாற்றும் ஒரு மணி நேரத்துக்கு ஆயிரம் ரூபாய் நியாயம் என்று கணக்குச் சொன்னாள். பதிவு செய்ய ஒரு லிங்க். பணம் முன்கூட்டியே. முந்தின நாளும் ஒரு மணி நேரம் முன்பும் வாட்ஸப்பில் நினைவூட்டல். இருபத்துநாலு மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால் முழுப் பணம் திரும்பும். அதன் பிறகு பாதி. சொல்லாமல் வராவிட்டால் ஒன்றுமில்லை. அம்மாவைத் திடுதிப்பென்று யாரும் தொந்தரவு செய்யக் கூடாதென்று, பதிவு செய்யும்போது குறைந்தது ஒரு நாள் இடைவெளி தள்ளியுள்ள நேரங்கள் மட்டுமே திரையில் தெரியும்படியும் செய்துவிட்டாள். நல்ல மகள். ‘இனிமேல் லிங்க்கில் பதிவு செய்யவும்’ என்று எல்லா விவசாயிகளுக்கும் செய்தி போனது.

தொந்தரவு நின்றது. எல்லாமே நின்றது. தோசை இரண்டு பக்கமும் பதமாக வெந்தது; அதைச் சொல்ல ஆளில்லை. போன் வேலை செய்கிறதா என்று வஹிதா பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் ஒரு தடவை கூப்பிடச் சொன்னார். அடித்தது.

கடைசியில் ஒரு பதிவு வந்தது. பாப்பிரெட்டிப்பட்டி மாதையன், வெள்ளிக்கிழமை பதினோரு மணி. வஹிதா பத்தரைக்கே கண்ணாடியைத் துடைத்து உட்கார்ந்துவிட்டார்.

“மேடம், நல்லாருக்கீங்களா?”

“இருக்கேன்ங்க. புழு எப்படி இருக்கு?”

“போய்ச் சேந்துருச்சுங்க. நேத்தே எல்லாத்தையும் வாரிக் குழியில போட்டு மூடிட்டேன். வீங்கி, மஞ்சளாப் போயி, தொட்டா பாலா வடிஞ்சுதுங்க.”

பால்புழு நோய். தெரிந்த அன்றே நோய்ப்புழுவைப் பொறுக்கி எடுத்துச் சுண்ணாம்பு தூவியிருந்தால் ஓரளவு தேறியிருக்கும்.

“தெரிஞ்சதும் கூப்பிட்டிருக்கலாமில்லைங்க?”

“லிங்க்ல போடுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. அதுல இன்னிக்குத்தான் எடம் காட்டுச்சு.”

வஹிதா கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் துடைத்தார். மணிக்கு ஆயிரம் ரூபாய்த் துடைப்பு.

“அப்ப இதை ரத்து பண்ணியிருக்கலாமே?”

“பண்ணலாம்னுதான் போனேன். பாதிதான் திரும்பி வரும்னு சொல்லுச்சு. பாதிய உட்டுட்டு வாய மூடிக்கிறதுக்கு, முழுசாப் பேசிடலாம்னு வந்துட்டேன்.”

இருவரும் சிரித்தார்கள். கொட்டகையை மூடி வைத்து, பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் கரைத்து மூலைமுடுக்கெல்லாம் தெளித்து, தட்டுகளை வெயிலில் காயப் போடச் சொன்னார் வஹிதா. விஷயம் கால் மணியில் முடிந்துவிட்டது. மீதி நேரத்தில், மாதையனின் மனைவி ஓசூரில் மகளின் பிரசவத்துக்குப் போனவர் பேரனோடு அங்கேயே தங்கிவிட்டதும், புழு இரவெல்லாம் இலை தின்னும் சத்தம் மழைபோல வீட்டில் இருந்ததும், இப்போது அதுவும் இல்லாததும் தெரியவந்தது.

“பணத்தைத் திருப்பி அனுப்பறேன்ங்க,” என்றார் வஹிதா. “இனிமே புழுவுக்கு ஒண்ணுன்னா நேரா போன் பண்ணுங்க. அவசரத்துக்கு லிங்க் கிடையாது.”

“சரிங்க. அடுத்த வெள்ளியும் போட்டுக்கட்டுங்களா?”

“புழுவே இல்லையே, என்னத்தக் கேப்பீங்க? சும்மா கூப்பிடுங்க.”

“சும்மா கூப்ட்டா அடுப்புல குழம்பு இருக்குன்னு வெச்சுருவீங்க. எழுதிப் போட்டா முந்தின நாளே செய்தி வருது பாருங்க, நாளைக்கு உங்களுக்காகக் காத்திருக்காங்கன்னு. அப்படி எனக்கு யாரு சொல்றாங்க?”

போனை வைத்ததும் வஹிதா, சமரீன் கற்றுக்கொடுத்தபடி லிங்க்கின் அமைப்புகளைத் திறந்தார். முதலில் அந்த ஒரு நாள் இடைவெளியை எடுத்தார். விலையைத் தொடவில்லை, ஆயிரத்தில் ஒரு ரூபாய் குறைந்தாலும் சமரீன் பேசியே கொன்றுவிடுவாள். பிறகு புதிதாக ஒன்று சேர்த்தார்: வெள்ளி பதினோரு மணி, ஒரு மணி நேரம், கட்டணம் இல்லை, நினைவூட்டல் இரண்டு.

ரத்து செய்யும் வசதி வேண்டுமா என்று திரை கேட்டது. வேண்டாம் என்று தட்டினார்.