டீக்கடையில் மாறிய முடிவு

அன்றைய கூட்டத்துக்கு ஒரே கேள்விதான்: எங்கள் செயலியை வெள்ளிக்கிழமை வெளியிடுவதா, தள்ளிப்போடுவதா? போர்டில் அதை எழுதியவள் நான். மொத்தம் அரை மணி நேரம், ஆளுக்கு மூன்று நிமிடம் என்று போனில் டைமரும் வைத்தேன். பணம் கட்டும் பக்கம் பாதியில் நின்றுவிடுவதைச் சோதனைப் பிரிவுப் பெண் காட்டினாள். தள்ளிப்போட எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், மேனேஜர் உட்பட. முடிவையும் பொறுப்பாளரையும் புதுத் தேதியையும் திரையில் எல்லோரும் பார்க்கத் தட்டச்சு செய்து, உரக்க வாசித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

மதியம் அந்தப் பெண் அழுதுகொண்டே வந்தாள். "அக்கா, வெள்ளிக்கிழமையே ரிலீஸாம். கீழ டீக்கடையில முடிவு பண்ணிட்டாங்களாம்."

வழக்கம்போல மேனேஜரும் அவரோடு சிகரெட் பிடிக்கும் இருவரும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

மேனேஜரும் தமிழர்தான், ஆனால் இந்தி கலக்காமல் பேசமாட்டார். "அச்சா, நீங்களும் வந்துட்டீங்களா? பையா, இன்னொரு சாய்!" என்றார்.

"சாய் வேண்டாம் சார். காலையில எழுதின முடிவை மாத்தணுமாமே. யார் மாத்தினது, ஏன் மாத்தினது, பணம் கட்டுற பக்கம் நின்னா யார் பொறுப்பு? சொல்லுங்க, இப்பவே எழுதி எல்லாருக்கும் அனுப்பிடறேன்."

மற்ற இருவரும் சிகரெட்டை அணைத்தார்கள்.

"சும்மா பேசிக்கிட்டிருந்தோம்மா," என்றார் மேனேஜர். "இதையெல்லாம் எதுக்கு எழுதணும்?"

"அப்ப காலையில எழுதினது அப்படியே இருக்கு." லேப்டாப்பைப் படாரென்று மூடினேன். "மேல அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டிருக்கா. சும்மாதான் பேசினோம்னு நீங்களே போய்ச் சொல்லுங்க சார்."