மாமா கேட்டாலும் பி.ஓ. வந்தால்தான் வண்டி

இன்று ஒரு அக்காவைச் சந்தித்தேன். ரப்பர் வளையம் செய்யும் சின்னக் கம்பெனியில் சரக்கு அனுப்பும் மேஜை அவருடையது. அவர் சொன்னதைக் கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால் சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன்.

அவர் மேஜைக்குப் பின்னால் சுவர், முன்னால் அடுக்கிய அட்டைப்பெட்டிகள். எழுந்து வெளியே வரவேண்டுமென்றால் ஒரு பெட்டியையாவது நகர்த்தியாக வேண்டும். போன் மட்டும் கைக்கெட்டும் தூரத்தில்.

ஒரு நாள் காலை அந்த போனில் வந்தவர் அவருடைய அக்கா வீட்டுக்காரர். குளிர்பானக் கம்பெனி ஒன்றில் மெஷின்களைப் பராமரிப்பவர். பாட்டில் நிரப்பும் மெஷினில் வளையம் கிழிந்து பானம் ஒழுகுகிறதாம், லைன் நின்றுபோய் மேனேஜர் தலைமேல் நிற்கிறாராம். மெஷினின் தலைப்பகுதியைப் போன மாதம் மாற்றியதால் பழைய அளவு சேராது, ஒரு சுற்று பெரியதாக வேண்டும் என்று அளவையும் சொன்னார். அந்த அளவில் வளையங்கள் தயாராகவே இருந்தன. அக்கா எடுத்துப் பெட்டியில் போடச் சொன்னார். பிறகு, வாங்குகிற கம்பெனி எழுத்தில் தரும் ஆர்டரான பி.ஓ.வைக் கேட்டார்.

"மாமா, உங்க பர்ச்சேஸ்ல சொல்லி ஒரு பி.ஓ. மட்டும் மெயில்ல அனுப்பச் சொல்லுங்க. வந்த உடனே வண்டி கிளம்பிடும்."

மாமாவின் குரல் ஏறியது.

"யாரோ எவரோ மாதிரி பேசுறியே. இந்தக் கம்பெனியையே உங்களுக்குப் புடிச்சுக் குடுத்தது யாரு?"

அதுதான் சிக்கல். அந்தக் குளிர்பானக் கம்பெனியை வாடிக்கையாளராகப் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். ஆனால் இதற்கு முன் இதே மேஜையில் இருந்தவர், வேறொரு வாடிக்கையாளர் போனில் சொன்னதை நம்பி பி.ஓ. இல்லாமலே சரக்கை அனுப்பினார். அங்கே போனதும், "நாங்க கேக்கவே இல்லையே" என்று கை விரித்துவிட்டார்கள். வேறு எந்த மெஷினுக்கும் சேராத வளையங்கள் திரும்பி வந்தன, அவர் வேலை போனது. எனவே அக்கா முதலாளியைக் கேட்டார். அவர் நழுவுகிற மீன். உங்க சொந்தக்காரர்தானே, அனுப்புறதா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க, ஆனா பொறுப்பு உங்களோடது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்து கூடப் பிறந்த அக்காவே போன் செய்தார். வீட்டுக்காரர் ஆபீசில் தலைகுனிந்து நிற்கிறார் என்றார். நீ ஒரு கையெழுத்து போட்டா வண்டி கிளம்பிடுமே, தங்கச்சி கேட்டா நாங்க யோசிச்சிருக்கோமா என்றார். கட்டிய பெட்டி கதவோரம் கிடந்தது. டிரைவர் வண்டியில் ஏறி உட்கார்ந்து, கிளம்பலாமா கிளம்பலாமா என்று கண்ணாலேயே கேட்டுக்கொண்டிருந்தார்.

மதியம் ஒருவழியாக பி.ஓ. வந்தது. அக்கா வரிவரியாகச் சரிபார்த்தார். எண்ணிக்கை சரி, விலை சரி, முகவரி சரி. அளவு மட்டும் பழசு! பர்ச்சேஸில் இருந்தவர் போன தடவை போட்ட ஆர்டரை அப்படியே எடுத்து அனுப்பியிருக்கிறார்.

மாமா வாயால் சொன்னதுதான் சரி, காகிதம்தான் தப்பு. என்ன கொடுமை பாருங்கள்! பி.ஓ.படி அனுப்பினால் மெஷினுக்குச் சேராது. சரியானதை அனுப்பினால் அவர்கள் ஸ்டோரில் பி.ஓ.வோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, வேறு சரக்கு என்று கேட்டிலிருந்தே திருப்பிவிடுவார்கள்.

மறுபடியும் போனை எடுக்க வேண்டியிருந்தது.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. அளவைத் திருத்தி மறுபடியும் அனுப்பச் சொல்லணும்."

"காகிதம் கேட்ட, குடுத்தாச்சு. இப்போ அதுவும் சரியில்லையா? நல்லா இரும்மா."

போன் வைக்கப்பட்டது. ஆனாலும் மாமா நேராக பர்ச்சேஸுக்குப் போய் நின்று திருத்த வைத்திருக்கிறார். திருத்திய பி.ஓ. வந்ததும் அதன் எண்ணை பில்லில் எழுதினார்கள், வண்டி கிளம்பியது. அவர்கள் கேட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. மாலைக்குள் லைன் ஓடத் தொடங்கிவிட்டது.

மாமா மட்டும் அதற்குப் பிறகு போன் செய்யவில்லை. இப்போது அந்தக் கம்பெனியிலிருந்து ஆர்டர்கள் ஒழுங்காக பி.ஓ.வோடு மெயிலில் வருகின்றன, ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. கூடப் பிறந்த அக்கா வீட்டுக்கு இவர் போனால் மாமா பேப்பரை விரித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறாராம்.

"சரியாத்தானே செஞ்சேன்? அப்புறம் ஏன் தப்பு பண்ணவ மாதிரியே உக்காந்திருக்கேன்?" என்று கேட்டார். அதற்குள் போன் அடித்தது, அவர் எடுத்தார்.

உங்கள் வீட்டிலோ நட்பிலோ போனிலேயே ஆர்டர் சொல்லிவிட்டு, எதிரில் காகிதம் கேட்பவரிடம் கோபித்துக்கொள்பவர் யாராவது இருந்தால், இதைக் கண்டிப்பாக அவருக்கு அனுப்புங்கள். முக்கியமாக மாமாக்களுக்கு.