இரண்டு தடவை பிடித்த ஐந்து நாள்

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் சலவைக்கூடம். அங்கே துணிகளை எண்ணி வார்டுகளுக்கு அனுப்புகிறவளை எல்லோரும் ‘எண்ணிக்கை அக்கா’ என்றே கூப்பிட்டார்கள். போன விரிப்பு எத்தனை, வந்தது எத்தனை, கிழிந்தது எத்தனை என்று பத்தொன்பது வருஷமாகப் பார்த்துப் பார்த்து அவளுக்கு எதையும் கூட்டிக் கழித்துப் பார்க்காமல் இருக்க முடியாது. ஐம்பது வயதில் முழங்கால்தான் ஒத்துழைக்கவில்லை.

சம்பள மின்னஞ்சல் காலை பதினோரு மணிக்கு வந்தது. தேநீர் இடைவேளை. உலர்த்தும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த மரப்பெட்டியில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, செல்போனைத் திறந்தாள். இந்த மாதத்தை அவள் மலைபோல் நம்பியிருந்தாள். ஜனவரியிலிருந்து சம்பள உயர்வு. மூன்று மாத நிலுவையும் சேர்ந்து ஏப்ரலில் வரும் என்று சுற்றறிக்கை சொல்லியிருந்தது. வீட்டு வாடகை பாக்கியை அதில்தான் அடைக்க வேண்டும்.

கடைசி வரியை முதலில் பார்த்தாள். கைக்கு வருவது 25,830.

அவள் மனக்கணக்கில் இருபத்தொன்பதாயிரத்துக்கு மேல் வந்திருக்க வேண்டும். மறுபடி மேலிருந்து படித்தாள்.

அடிப்படைச் சம்பளம் 26,400. நிலுவை, ஜனவரி முதல் மார்ச் வரை, 7,200. அது வரைக்கும் சரி. பழைய சம்பளம் 24,000, உயர்வு 2,400, மூன்று மாதத்துக்கு 7,200. மருத்துவக் காப்பீட்டுப் பிடித்தம் 450, எப்போதும் உள்ளதுதான். சேமநிதி 2,920. அதற்குக் கீழே ஒரு வரி: ‘சரிக்கட்டல், மார்ச் சம்பளமில்லா விடுப்பு 5 நாள்: 4,400.’

மார்ச்சில் அவள் புருஷனுக்கு முதுகெலும்பு வட்டு நழுவி, வண்டி ஓட்டுகிறவர் எழுந்திருக்கவே முடியாமல் கிடந்தார். தற்செயல் விடுப்பெல்லாம் முன்பே தீர்ந்துபோயிருந்ததால் அந்த ஐந்து நாளும் சம்பளமில்லாமல்தான் போட்டாள். ஆனால் அதற்கு மார்ச் சம்பளத்திலேயே நாலாயிரம் பிடித்துவிட்டார்களே? செல்போனிலேயே மார்ச் சம்பளச் சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தாள். ஐந்து நாள், நாளுக்கு 800, மொத்தம் 4,000. எந்த மாதமானாலும் இந்த ஆஸ்பத்திரியில் முப்பது நாள் கணக்குதான்.

“ஒரே விடுப்புக்கு ரெண்டு தடவையா?” என்று வாய்விட்டே சொன்னாள்.

எதிரே நின்ற இஸ்திரி அண்ணன் திரும்பிப் பார்த்தார். ஆள் உயரம், பேச்சு குறைவு. “என்னக்கா, ஏதாச்சும் குறையுதா?”

“உங்களுக்கு வந்துச்சா?”

“வந்துச்சு. பார்க்கல. பார்த்தா மட்டும் கூடவா போவுது?”

பழைய விரிப்புச் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுத ஆரம்பித்தாள். உடனே நாலாயிரத்து நானூறையும் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். கோபம் அப்படித்தான் சொன்னது. ஆனால் ஏதோ ஒன்று இடித்தது. நிலுவை முழு மூன்று மாதத்துக்கும் வந்திருக்கிறது. மார்ச்சில் அவள் வேலை செய்தது இருபத்தைந்து நாள்தான். வேலை செய்யாத ஐந்து நாளுக்கும் உயர்வு கொடுத்திருக்கிறார்கள். நாளுக்கு எண்பது, ஐந்து நாளுக்கு நானூறு. அது அவள் பணமில்லை. பிடிக்க வேண்டியது அந்த நானூறு மட்டும். அவர்கள் புதுச் சம்பளத்தில் நாளுக்கு 880 என்று ஐந்து நாளையும் முழுசாகப் பிடித்துவிட்டார்கள். அதிகமாகப் போனது சரியாக நாலாயிரம்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் மூன்று மாடி ஏறினாள். லிஃப்ட் நோயாளிகளுக்கு.

சம்பளப் பிரிவு எழுத்தருக்கு வயது முப்பத்தைந்து இருக்கும், கண்ணுக்குக் கீழே ஐம்பது. மேஜையில் ஆறிப்போன சோறு திறந்தபடி இருந்தது.

“அக்கா, சிஸ்டம் போட்டது. சிஸ்டம் தப்பு பண்ணாது.”

“சிஸ்டத்துக்கு யாரு சார் சொல்லித் தர்றது? இந்தாங்க, மார்ச் சீட்டு. இது ஏப்ரல். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க.”

அவர் பெருமூச்சோடு செல்போனையும் பென்சில் கணக்கையும் வாங்கினார். முதலில் மேலோட்டமாகப் பார்த்தவர், சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு கணினிப் பக்கம் திரும்பினார்.

“நிலுவை முழு மாசத்துக்கும் வந்துடுச்சேன்னு, விடுப்பைத் திரும்ப உள்ள போடச் சொன்னாங்க. நான்தான் போட்டேன். வித்தியாசத்தை மட்டும் போட்டிருக்கணும்.” நெற்றியைத் தேய்த்தார். “நாலாயிரத்து நானூறு கேக்கறீங்களா?”

“இல்ல சார். நாலாயிரம். நானூறு சரியாத்தான் பிடிச்சிருக்கீங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “சேமநிதி பத்து சதவீதம் போகும். கைக்கு 3,600தான் வரும்.”

“தெரியும். அதையும் போட்டுப் பார்த்துட்டேன். அது என் பேர்லதானே சேருது.” பிறகு கேட்டாள், “எனக்கு மட்டும்தானா?”

அவர் பட்டியலை ஓட்டினார். “ஜனவரியிலேர்ந்து மார்ச் வரைக்கும் சம்பளமில்லா விடுப்பு போட்டவங்க நாப்பத்தொரு பேரு. எல்லாருக்கும் இப்படித்தான் போயிருக்கு. நீங்கதான் முதல்ல வந்திருக்கீங்க.”

“மத்தவங்க வந்தாத்தான் திருத்துவீங்களா?”

“மொத்தமாத் திருத்திடறேன், அக்கா. ஆனா அடுத்த மாசச் சம்பளத்தோடதான். இந்த மாசம் பேங்குக்குப் போயிடுச்சு.”

“எனக்கு எழுத்துல வேணும் சார். நாப்பத்தொரு பேருக்கும்.”

கீழே இறங்கும்போது முழங்கால் கெஞ்சியது. படிக்கட்டு மேடையில் நின்று மூச்சு வாங்கினாள். நாளைக்கு வாடகை கேட்கும் வீட்டுச் சொந்தக்காரரிடம் என்ன சொல்வது என்பதுதான் ஓடிக்கொண்டிருந்தது. நியாயம் கிடைத்தாலும் வாடகை கிடைக்கவில்லையே.

சலவைக்கூடத்துக்கு வந்ததும் இஸ்திரி அண்ணனிடம் கை நீட்டினாள். “உங்க போனைக் குடுங்க.” அவர் பிப்ரவரியில் மூன்று நாள் வராமல் இருந்தது அவளுக்கு நினைவிருந்தது.

2,310 பிடித்திருந்தார்கள். பிப்ரவரியில் ஏற்கெனவே 2,100. அவள் இரண்டு எண்ணையும் விரலால் காட்டி, “இதுல 210தான் சரி. 2,100 உங்களுக்குத் திரும்பி வரணும்” என்றாள்.

அண்ணன் போனை வாங்கி அந்த வரியைப் பார்த்தார். அந்த மூன்று நாள் அவருடைய அம்மாவின் சாவு.

“அம்மா ஒரு தடவைதானே செத்தாங்க” என்றார்.

அவள் அவருடைய மேஜையிலிருந்த தலையணை உறைகளில் பாதியை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு மடிக்க ஆரம்பித்தாள்.

வீட்டில் புருஷன் சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “என்னாலதானே இந்த அஞ்சு நாளும்” என்றார்.

“ஆரம்பிச்சிடாதீங்க. எனக்கு இன்னிக்கு அதுக்கெல்லாம் தெம்பு இல்ல.”

மறுநாள் வீட்டுச் சொந்தக்காரர் முகம் சுளித்தாலும் பாதி வாடகையை வாங்கிக்கொண்டார். மிச்சத்துக்குப் பத்தாம் தேதி வரை கெடு.

நான்கு நாள் கழித்து எழுத்தரிடமிருந்து நாற்பத்தொரு பேருக்கும் ஒரே கடிதம் வந்தது. மே மாதச் சம்பளத்தில் அண்ணனுக்கு 2,100 திரும்ப வந்தது, அவளுக்கு 4,000. சேமநிதி நானூறு கூடியிருந்தது. அவள் வரி வரியாகப் பார்த்தாள். எண்கள் சரியாக இருந்தன. காப்பீட்டுப் பிடித்தம் மட்டும் 450-லிருந்து 485 ஆகியிருந்தது.

“போன வாரச் சுற்றறிக்கையில போட்டிருந்தாங்க” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு செல்போனை அணைத்தாள். மூன்றாவது வார்டிலிருந்து துணி வண்டி வந்து நின்றது. எழுபத்திரண்டு விரிப்பு என்று சீட்டில் எழுதியிருந்தது. எண்ணினால் எழுபத்தொன்று.