மூன்று நாளாக மாறாத வெங்காய விலை

குன்னத்தில் ஒரு விவசாயிகள் குழுவின் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை எனக்கு. தினமும் காலை ஆறு மணிக்குப் பிரவுசரைத் திறந்து, சந்தை விலையை எடுத்து ஃபைலில் எழுதும் சின்ன புரோகிராம் ஒன்றை, ஒரு ஸ்கிரிப்ட்டை, குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் போட்டிருந்தேன். ஏழு மணிக்கு அந்த விலை உறுப்பினர்களுக்கு மெசேஜாகப் போகும்.

அப்படிப் போட்ட நான்காம் நாள், வெங்காயம் போட்டிருந்த ஓர் அக்கா போன் செய்தார்.

“தம்பி, வெங்காயம் மூணு நாளா ஒரே விலையில நிக்குமா? கொஞ்சம் பாருங்க.”

டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து பார்த்தேன். “ஓடிடுச்சுன்னுதான்க்கா காட்டுது,” என்றேன். பிறகுதான் ஃபைலின் தேதியைப் பார்த்தேன். ஷெட்யூலரில் போடும் முன் நான் கையால் ஓட்டிப் பார்த்த நாளோடு நின்றிருந்தது. ஸ்கிரிப்ட் தினமும் ஓடத்தான் செய்தது. எந்த ஃபோல்டரில் தொடங்க வேண்டும் என்று கேட்கும் கட்டத்தை நான் காலியாக விட்டதால், புது விலையெல்லாம் விண்டோஸின் சிஸ்டம் ஃபோல்டரில் போய் விழுந்திருந்தது; மெசேஜில் பழைய ஃபைலின் விலையே போயிருந்தது.

கட்டத்தை நிரப்பினேன். ஃபைலில் அன்றைய தேதி இல்லாவிட்டால் மெசேஜ் போகாதபடியும் செய்தேன்.

மறுநாள் காலை அவரே அழைத்தார். நன்றி சொல்ல நான் வாயெடுப்பதற்குள் முந்திக்கொண்டார்.

“விலை இறங்கிப்போச்சு தம்பி. ஆனா இது நெசமாவே இன்னிக்கு விலை. ரொம்ப நன்றிங்க.”