பத்தாவது கணக்கு

பாடப் புத்தகத்தில் வருகிற வட்டிக் கணக்குகளில் யாருக்கும் வியர்க்காது. ஒருவர் வங்கியில் ஐயாயிரம் ரூபாய் போடுவார், எட்டு சதவீதம் தருவார்கள், இரண்டு வருடம் கழித்து எண்ணூறு ரூபாய் வட்டியோடு சிரித்த முகமாக வீட்டுக்குப் போவார். மரக்காணத்தில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தபோது அந்த எண்ணூறு ரூபாய்தான் எனக்கு முதல் அடி கொடுத்தது. முப்பத்தொரு பேர் வகுப்பில் இருபத்தேழு பேர் ஒன்பதாயிரத்து அறுநூறு என்று விடை எழுதியிருந்தார்கள்.

காப்பி அடித்திருக்கிறார்கள் என்று நினைத்து முதல் வரிசையைப் பிரம்பால் தட்டினேன். எனக்குக் கை முந்தும், காது பிந்தும். வகுப்பில் முதலாவதாக வரும் பெண் எழுந்து, "எட்டு வட்டின்னா மாசத்துக்கு நூத்துக்கு எட்டு ரூபா தானே டீச்சர்? ரெண்டு வருஷத்துக்கு இருபத்திநாலு மாசம். ஆனா அவ்ளோ வட்டிக்கு எங்க ஊர்ல யாரும் வாங்க மாட்டாங்க" என்றாள். அப்போதுதான் புரிந்தது. அவர்கள் யாருக்கும் வருட வட்டி என்று ஒன்று இருப்பதே தெரியாது. அவர்கள் வீட்டில் வட்டி மாதா மாதம் வந்து வாசலில் நிற்கும்.

அந்தப் பெண்ணின் அப்பா சின்ன உப்பளம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்தவர். அம்மாவும் பாத்தியில் உப்பு வாருவாள். அவள் காகிதம் இல்லாமலே பெருக்குவாள். நான் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவாள், அதற்காகவே சில நாள் அவளை எனக்குப் பிடிக்காது.

பிள்ளைகளுக்குப் புரிகிற கணக்குகளாக நானே ஒரு பயிற்சித்தாள் தயாரிக்கிறேன் என்று தலைமையாசிரியரிடம் சொன்னேன். நல்லதாக வந்தால் அடுத்த மாத ஆசிரியர் பயிற்சியில் நம் பள்ளி சார்பில் வைக்கலாம் என்றார் அவர். அந்த ஒரு வார்த்தை போதும், நான் நிலத்தில் நிற்கவில்லை. 2006 பிப்ரவரி அது. மழை உப்புக் குவியல்களைக் கரைத்துவிட்டுப் போய், ஊர் மறுபடி பாத்தி கட்டிக்கொண்டிருந்த நேரம்.

ஒன்பது கணக்கு ஒரே மாலையில் வந்துவிட்டது. மூட்டை ஐம்பது ரூபாய் வீதம் நாற்பது மூட்டை உப்பு வாங்கி, ஏற்றுகூலி இருநூறு கொடுத்து, நான்கு மூட்டை மழையில் கரைந்துபோக, மீதியை ஐம்பத்தைந்துக்கு விற்றவருக்கு எத்தனை சதவீத நஷ்டம்? அடக்கவிலை இரண்டாயிரத்து இருநூறு, விற்றது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது, பத்து சதவீதம். நானூறு ரூபாய்ப் பாவாடைத் துணிக்குப் பதினைந்து சதவீதத் தள்ளுபடி போக என்ன விலை? முந்நூற்று நாற்பது. எல்லாமே உயிரோடு இருப்பதாக எனக்குத் தோன்றியது. பத்தாவதாக ஒரு வட்டிக் கணக்கு மட்டும் வேண்டியிருந்தது.

மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் அந்தப் பெண்ணை மட்டும் நிறுத்தி வைத்தேன். உங்கள் வீட்டில் கடன் உண்டா, எவ்வளவு, என்ன வட்டி என்று கேட்டேன். தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவள் தயங்கினாள். "கணக்குக்குத்தான் கேக்கிறேன், வாத்தியார்கிட்ட மறைக்கலாமா?" என்றேன். கணக்கு என்றதும் அவள் முகம் தெளிந்துவிட்டது.

"இருபதாயிரம் டீச்சர். மூணு வட்டி. மொத மாச வட்டிய எடுத்துக்கிட்டுத்தான் குடுப்பாங்க, அதனால கைக்கு வந்தது பத்தொம்போதாயிரத்து நானூறுதான். மூணு வருஷம் ஆவப்போவுது. மாசம் அறுநூறு கட்டிடுறோம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்பாவுக்குத் தெரிய வேணாம், வெளிய சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு" என்றாள். நான் தலையை ஆட்டினேன். ஆட்டிக்கொண்டே எழுதினேன்.

பத்தாவது கணக்கு இப்படி வந்தது: ஓர் உப்பளக் குத்தகைக்காரர் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டியில் இருபதாயிரம் ரூபாய் கடன் வாங்குகிறார். முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறார்கள். (அ) அவர் கையில் பெற்றது எவ்வளவு? (ஆ) வருட வட்டி வீதம் என்ன? (இ) எத்தனையாவது மாத வட்டியைக் கட்டும்போது, கட்டிய மொத்த வட்டி அசலைத் தாண்டும்?

பெயர் போடவில்லை. போடாதது பெரிய நாகரிகம் என்று நினைத்துக்கொண்டேன். கடைத்தெருவில் என் காசில் முப்பத்தொரு ஜெராக்ஸ் எடுத்து, திங்கட்கிழமை போட்டுக்கொண்டு வரச் சொல்லி வெள்ளிக்கிழமை வகுப்பில் கொடுத்தேன்.

அந்த ஊரில் தொகையே பெயர் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்று வட்டிக்கு, முதல் மாதத்தைப் பிடித்துக்கொண்டு, உப்பளக்காரருக்குக் கடன் கொடுப்பவர் அங்கே ஒருவர்தான். அவருக்கும் சொந்தமாக உப்பளம் உண்டு. அவரிடம் குத்தகைக்காரர் ஒருவர் வாங்கிய இருபதாயிரமும் ஒன்றுதான். அந்தக் கடன் கொடுப்பவருடைய மகள் இதே எட்டாம் வகுப்பில் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவர் தினமும் மகளை உட்காரவைத்து வீட்டுக்கணக்குப் பார்ப்பவர். கணக்கில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது.

(இ)க்கு விடை முப்பத்து நான்கு. மாதம் அறுநூறு, முப்பத்து மூன்று மாதத்தில் பத்தொன்பதாயிரத்து எண்ணூறு, முப்பத்து நான்கில் இருபதாயிரத்து நானூறு. அந்த வீட்டுக்கு முப்பத்து நான்காவது மாதம் போன மாதம்தான் வந்து போயிருந்தது. எனக்கு அது தெரியாது. கடன் கொடுத்தவருக்குத் தெரியும்.

திங்கட்கிழமை இரண்டாம் பீரியடில் அந்தப் பெண்ணின் அம்மா வகுப்பு வாசலில் வந்து நின்றாள். முழங்கால் வரை உப்புச் சேறு காய்ந்து வெளுத்திருந்தது. கையில் என் பயிற்சித்தாள் நாலாய் மடித்து இருந்தது. அவளைப் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியரும் பின்னால் வந்துவிட்டார்.

"இதுல இருக்கிறது எங்க ஊட்டுக் கடன்தானே டீச்சர்?" என்றாள் அவள். "கடன் குடுத்தவரு ராத்திரி ஊட்டுக்கே வந்துட்டாரு. கட்டுன வட்டிய பள்ளிக்கூடத்துல வச்சி எண்றீங்களா, அப்ப மொதல்ல அசல வச்சிட்டு எண்ணுங்கன்னு சொல்லிட்டாரு. இருபதாயிரத்துக்கு நாங்க எங்க போவோம்? எம்பொண்ணு சொன்னாளா? நீங்களா எழுதுனீங்களா? அத மட்டும் சொல்லுங்க. நீங்களா எழுதுனதுன்னு சொன்னா அவருகிட்ட போயி கால்ல வுழுந்து சொல்லிக்குவேன்."

ஒரு பொய் போதும். நானே கற்பனையாக எழுதினேன், தற்செயலாக ஒத்துப்போய்விட்டது என்றால் போதும். பொய் எனக்குப் புதிது இல்லை. தாமதமாக வந்ததற்கு, விடுப்புக்கு, திருத்தாத நோட்டுக்கு எல்லாவற்றுக்கும் சரளமாகச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண் முதல் பெஞ்சிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நினைத்தாள், நான் அந்தப் பொய்யைச் சொல்லிவிடுவேன் என்று.

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். பயிற்சித்தாள் அவர் மேசையில் கோப்புக்குள் தயாராக இருந்தது. கற்பனை என்றால் எல்லா எண்ணும் எப்படி ஒத்துப்போனது என்று அவர் என்னைத் துருவுவார். நான் ஒரு குழந்தையின் வீட்டுக் கதையைக் கிண்டிக் கேட்டேன் என்று அவர் முன்னால் ஆகிவிடக் கூடாது.

"உங்க பொண்ணு சொன்னதுதாம்மா. நான் கணக்காத்தான் எழுதினேன். பேரு எதுவும் போடலயே" என்றேன்.

அம்மா உள்ளே வந்து மகளைப் பெஞ்சிலிருந்து இழுத்து அறைந்தாள். உப்பு அரித்த கை, சத்தம் வறண்டு கேட்டது. ஐந்தாறு அடி இருக்கும். அவள் அழவில்லை, என்னையும் காட்டிக்கொடுக்கவில்லை. டீச்சர்தான் கேட்டாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டாவது பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். நான் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு அவள்மேல் இரக்கம் வந்ததா என்றால், வந்தது. ஆனால் அதற்கு முன்னால் நிம்மதி வந்தது. அதை ஒளிக்க எனக்கு இப்போது வயதில்லை.

அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கு வரவில்லை. இடைநின்றவர் பட்டியல் வேண்டாம் என்று தலைமையாசிரியர் வருடக் கடைசி வரை அவளுக்கு வருகை போடச் சொன்னார். தினமும் அவள் எண்ணுக்கு நேரே கோடு கிழித்தேன்.

மார்ச் மாதம் ஆசிரியர் பயிற்சியில் என் தாளை உயர்த்திக் காட்டிப் பேசினார்கள். பிள்ளைகளின் சூழலிலிருந்து எடுத்த கணக்கு என்றார்கள். எல்லோரும் கைதட்டினார்கள், எனக்கு ஒரு பேனா கொடுத்தார்கள். இருபது பேர் வந்து பத்தாவது கணக்கைத் தங்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

விடைத்தாள்களை அதற்குப் பிறகுதான் திருத்த உட்கார்ந்தேன். கடன் கொடுத்தவரின் மகள் பத்துக்குப் பத்து. எழுத்து அப்பாவின் உதவியில் அச்சுப் போல இருந்தது, நன்று என்று போட்டேன். அந்தப் பெண்ணும் திங்கட்கிழமை காலையிலேயே விடைத்தாளை என் மேசையில் வைத்துவிட்டுத்தான் அடி வாங்கியிருக்கிறாள். பத்தும் சரி. பத்தாவதன் கடைசியில், முப்பத்து நான்காவது மாதம் என்று எழுதி, கீழே சின்னதாக ஒரு வரி சேர்த்திருந்தாள்: "ஆனால் அசல் அப்படியே இருக்கிறது." கேட்காததை எழுதினால் அரை மதிப்பெண் குறைப்பது என் வழக்கம். ஒன்பதரை போட்டேன். பேனா அந்தப் பரிசுப் பேனாதான்.

ஏப்ரலில் ஒருநாள் உப்பளத்தை ஒட்டிய சாலையில் பஸ் பழுதாகி நின்றது. எல்லோரும் இறங்கினோம். சாலையிலிருந்து பத்தடியில் அவள் பலகையால் உப்பை வரப்போரம் இழுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிச் சீருடைப் பாவாடைக்கு மேல் அப்பாவின் சட்டை. அது கடன் கொடுத்தவரின் பாத்தி. என்னைக் கண்டதும் வணக்கம் டீச்சர் என்றாள், வகுப்பில் சொல்வது போலவே.

"எவ்ளோ தர்றாங்க?" என்று கேட்டேன். அந்த வாய்க்கு வேறு எதுவும் கேட்க வரவில்லை.

"நாளுக்கு முப்பது டீச்சர். கையில தர்றது இல்ல, வட்டிக்கு எடுத்துக்குவாரு. அறுநூறுக்கு இருபது நாள். அசல இப்ப கேக்கறது இல்ல, நான் வேலைக்கு வர்ற வரைக்கும் கேக்க மாட்டேன்னு சொல்லிட்டாரு." பலகையை நிறுத்தாமலே பேசினாள். "ஞாயித்துக்கெழம லீவு. முப்பது நாள்ல நாலு ஞாயிறு போவ இருபத்தாறு. வட்டி போவ மிச்சம் ஆறு நாள், நூத்தி எம்பது. அது எங்க ஊட்டுக்கு."

சரியான விடை. தலையை ஆட்டினேன்.

"இதுவும் நல்ல கணக்குதான் டீச்சர்" என்றாள். "எழுதிக்கோங்க. இந்தத் தடவ என் பேரையும் போட்டுடுங்க. அதான் எல்லாருக்கும் தெரியுமே."

டிரைவர் ஹாரன் அடித்தார். ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டேன்.

இத்தனை வருடம் கழித்து அந்தக் கணக்கை இப்போதுதான் எழுதுகிறேன். இப்போதும் அவள் பெயரைப் போடவில்லை. என் பெயரையும்தான்.