அவள் கைக்கு ஏற்ற மவுஸ்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர், பள்ளிக்கூட ஆண்டு விழாப் புத்தகம் என்று வருவதையெல்லாம் கம்ப்யூட்டரில் வடிவமைத்து அச்சகத்துக்கு அனுப்புவோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கிள்ளானிலிருந்து பஸ் பிடித்து வருகிற எனக்கு அந்த அலுவலகத்தில் நல்ல பெயர் இருந்தது. அவள் வேலைக்குச் சேரும் வரை.

அவள் சுபாங் ஜெயாவிலிருந்து வந்தாள். தாத்தா காலத்திலேயே யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அரசாங்க உத்தியோகம் பார்த்த குடும்பம். நெடுநெடுவென்று உயரம், நீளமான கைகள். முதல் நாளே பையிலிருந்து சொந்த மவுஸ் ஒன்றை எடுத்து, அலுவலக மவுஸைக் கழற்றிவிட்டு அதை மாட்டினாள். நடுவில் மேடாக எழும்பி, வலக்கை படுத்துக்கொள்வதற்கென்றே வளைத்துச் செய்தது போலிருந்தது அது. உள்ளங்கை முழுவதையும் அதன்மேல் வைத்துவிடுவாள். விரல்கள் நீட்டியபடி பொத்தான்களின் நுனி வரை போகும். மணிக்கட்டை ஆட்டவே மாட்டாள். முழங்கையிலிருந்து மொத்தக் கையும் நகரும். திரையில் கோடு வழுக்கிக்கொண்டு போகும்.

அவள் சேர்ந்த சில வாரங்களிலேயே வாடிக்கையாளர்கள், "அந்தப் புதுப் பொண்ணு செய்யட்டும் பாஸ்" என்று சொல்லத் தொடங்கினார்கள். முதலாளி என் மேசையைத் தாண்டி அவள் மேசைக்குப் போவார். ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரிந்தது. அவள் கையைவிட அந்த மவுஸைத்தான் நான் அதிகம் பார்த்தேன். அவளிடம் இருப்பது திறமை அல்ல, அந்தக் கருவி என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

முதலாளியிடம் போய், "அவங்களுக்கு இருக்கற மாதிரியே எனக்கும் வேணும் பாஸ்" என்றேன்.

"உனக்கு இருக்கறது ஓகேதானே லா?"

"மவுஸ் பழசு பாஸ். அடியில இருக்கற உருண்டை சுத்த மாட்டேங்குது."

அவர் மறுநாளே வாங்கிக் கொடுத்தார். அதே மவுஸ், அதே மேடு. பெட்டியைப் பிரித்தபோது அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கேலி எதுவும் இல்லை. எனக்கு மட்டும் இருப்பதாகப் பட்டது.

என் கை சின்னது. உள்ளங்கையை மேட்டில் வைத்தால் விரல் பொத்தானின் பாதி வரைதான் எட்டியது. எட்டிப் பிடிக்க நீட்டினால் மணிக்கட்டு மடங்கிக்கொண்டது. அப்போதைய மவுஸுக்கு அடியில் உருண்டை ஓடும். மவுஸுக்கு அடியில் விரித்த அட்டையின் ஓரத்துக்கு வந்துவிட்டால் தூக்கி நடுவில் வைத்துத்தான் மறுபடி நகர்த்த முடியும். இது கனமான மவுஸ். ஒவ்வொரு தடவையும் கட்டை விரலாலும் சுண்டு விரலாலும் இறுக்கிக் கிள்ளித் தூக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது கட்டை விரலின் அடியில் சுரீர் என்றது. கேட்டு வாங்கியது என்பதால் யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் அவளே சொன்னாள். "அக்கா, உங்க கைக்கு அது பெருசு. கஷ்டப்பட்டுப் பிடிக்கிறீங்க."

"எனக்கு நல்லாத்தான் இருக்கு" என்றேன். தன்னிடம் இருப்பது எனக்குப் பொருந்தாது என்று சொல்ல இவள் யார் என்று அன்று முழுக்கக் கொதித்தேன்.

பிறகு கிள்ளானில் ஒரு கோயிலின் கும்பாபிஷேக மலர் வந்தது. அட்டைக்குத் தோகை விரித்த மயில். கையால் வரைந்த படத்தைத் திரையில் ஏற்றி, அதன்மேல் மவுஸால் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் இழுத்து வளைவு உண்டாக்க வேண்டும். அவசரம் என்பதால் முதலாளி இடப்பக்கத் தோகையை அவளுக்கும் வலப்பக்கத்தை எனக்கும் கொடுத்தார். இரண்டையும் சேர்த்து ஒரே தாளில் அச்செடுத்துப் பார்த்தபோது வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. அவள் பக்கம் காற்றில் அசைவது போல. என் பக்கம் இறகுகள் நடுங்கி, முனை முனையாக உடைந்திருந்தன.

"இந்தப் பக்கத்தையும் அவங்களே செஞ்சிடட்டும்" என்றார் முதலாளி. திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

"நானே திரும்பச் செய்றேன் பாஸ்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். "திங்கக்கிழமை வரைக்கும்தான்" என்றார்.

கழிவறையில் முகம் கழுவிவிட்டு வந்தபோது அவள் வாசலில் நின்றாள். தன் உள்ளங்கையை என் முன்னால் விரித்துக் காட்டினாள். எரிச்சலோடுதான் என் கையை அதன்மேல் வைத்தேன். அவள் விரல்கள் என் விரல்களைவிட ஒரு கணு நீண்டிருந்தன. "இதைப் பாருங்க அக்கா. எனக்குத் தச்ச சட்டையை நீங்க போட்டா எப்படி இருக்கும்?" என்றாள். "சனிக்கிழமை இம்பியில கம்ப்யூட்டர் கடைக்குப் போறேன். வரீங்களா?"

நீளமான அந்த விரல்களின் மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது. இருந்தாலும் போனேன்.

இம்பியில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த கட்டடத்தில், ஒரு சீனர் கடையில் மேசை முழுக்க மவுஸ்கள் கிடந்தன. "பெகாங் டூலு லா" என்றார் கடைக்காரர். முதலில் பிடித்துப் பார்க்கச் சொல்கிறார். ஒவ்வொன்றாகப் பிடித்தேன். தட்டையான ஒன்றை விரல்நுனியால் மட்டும் பிடிக்க முடிந்தது, உள்ளங்கை அதைத் தொடவே இல்லை. இலேசாக இருந்தது. ஆனால் அதன் ஒயரே அதைப் பின்னால் இழுத்தது, உருண்டையும் வழுக்கியது. மற்றொன்று குட்டையானது, பின்பக்கம் மட்டும் கொஞ்சம் உயரம். உள்ளங்கையின் அடிப்பாகம் அதில் சாய்ந்துகொள்ள, விரல்கள் பூனை நகம் போல வளைந்து பொத்தான்மேல் தாமாகவே உட்கார்ந்தன. தூக்கினேன். கிள்ளாமலே வந்தது.

"நீங்க எப்பவும் அப்படித்தான் விரலை மடக்கறீங்க" என்றாள் அவள். "பேனா பிடிக்கறதும் அப்படித்தான்."

அவள் என்னை அவ்வளவு கவனித்திருக்கிறாள் என்பதே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த மவுஸை வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் சீக்கிரமே வந்து உட்கார்ந்தேன். கை அதிகம் நகராமல் விரலை மடக்கி நீட்டினாலே போதுமாக இருந்தது. அதற்கேற்ப அம்புக்குறியின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டேன். புள்ளிகள் நினைத்த இடத்தில் நின்றன. இறகுகளை ஒவ்வொன்றாக வளைத்து முடித்து முதலாளியிடம் நீட்டினேன். தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்து, "இப்ப ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கு" என்றார்.

ஒன்றாக இல்லை. எனக்குத் தெரிந்தது. அவள் வரைந்த இறகில் இருந்த அசைவு என்னுடையதில் வரவில்லை. இப்போது குறை சொல்ல மவுஸும் இல்லை. அடுத்து வந்த தீபாவளி மலரின் அட்டை நேராக அவள் மேசைக்குப் போனது. எனக்கு உள்பக்கங்கள். மத்தியானம் கீழ்க்கடையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் அட்டையைப் பற்றி ஆசையாகப் பேசிக்கொண்டே இருந்தாள். நான் தலையாட்டிக்கொண்டே சோற்றைப் பிசைந்தேன். பொறாமை அப்படியே இருந்தது. கை மட்டும் வலிக்கவில்லை.