அணைந்த பிறகு பிடித்த தீ

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் எங்கள் அலுவலகம் ஒரு டயர்க் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. கன்டெய்னர் லாரி ஒன்று கீழே போனால் மேலே என் மேஜையில் டீ கிளாஸ் நடக்கும். வெல்டர், ஃபிட்டர் என்று ஆட்களைத் தேர்ந்தெடுத்து வெளிநாட்டு சைட்டுகளுக்கு அனுப்புகிற கான்ட்ராக்டர் கம்பெனி அது. அப்போது ஒரு கூட்டம் கத்தாரில் இருந்தது, ஒரு கூட்டம் சிங்கப்பூரில். டைப்பிங், ஃபேக்ஸ், வருகைப் பதிவேடு, மேனேஜருக்கு பி.பி. மாத்திரையை ஞாபகப்படுத்துவது, எல்லாம் என் வேலை. கடைசி வேலைக்கு மட்டும் சம்பளம் கிடையாது.

மேனேஜர் நல்ல மனுஷர்தான். ஆனால் தான் எழுதியதில் ஒரு புள்ளியை யாராவது மாற்றச் சொன்னால் முகம் பொரித்த அப்பளம் மாதிரி உப்பிவிடும். ஒரு திங்கட்கிழமை என் சித்தப்பா மகள் கல்யாணத்துக்காகத் தண்டையார்ப்பேட்டையில் மண்டபமே கதி என்று கிடந்தேன். அன்றைக்குப் பார்த்து கத்தார் சைட்டில் ஒரு சின்னத் தீ. நான் இல்லாத தைரியத்தில் மேனேஜர் தானே உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஒரு ரிப்போர்ட் அடித்து, கத்தாரில் இருக்கிற கிளையண்டுக்கு ஃபேக்ஸும் அனுப்பிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை நான் ஆபீஸுக்குள் நுழைந்தபோது என் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் இருப்பவள். அவள் புருஷன் எங்கள் கத்தார் கூட்டத்தில் வெல்டர். என்னைப் பார்த்ததும் எழுந்தாள், ஆனால் நாற்காலியைக் கைவிடவில்லை, அதன் முதுகைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா எழுதி அனுப்பிட்டீங்கோ? அவர கேட்டுக்குள்ளயே வுடமாட்டேன்னு சொல்ட்டாங்களாம். பக்கத்து வூட்டுக்குப் போன் பண்ணி அழுதுகினு கீறாரு. நாலு நாள்ல பிளேன் ஏத்தி வுட்ருவாங்களாம்."

"எதுக்காம்?"

"பர்மிட்டு முடிஞ்சப்புறம் வெல்டிங் பண்ணாராம். நெருப்பு வெச்சுட்டாராம். அக்கா, அந்தாளு கேஸ் அடுப்ப அணைச்சிட்டு மூணு தபா திரும்பி வந்து பாக்கற ஆளு."

பர்மிட் என்பது சைட்டில் ஒவ்வொரு நாளும் வாங்க வேண்டிய அனுமதிச் சீட்டு. இந்த இடத்தில், இந்த வேலையை, இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை செய்யலாம் என்று போட்டிருக்கும். கடைசி மணி தாண்டி வெல்டிங் டார்ச்சைப் பற்றவைத்தால் அங்கே அது மன்னிக்கிற தப்பில்லை. கேட் பாஸைப் பிடுங்கி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படித் திரும்பி வருகிறவனை மறுபடியும் எந்தக் கம்பெனியும் தொடாது. அவன் கையில் இருக்கிற தொழில் அத்தோடு சரி. அவள் நாற்காலியைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு அது புரிந்தது.

அவளை உட்காரச் சொல்லிவிட்டு மேனேஜரின் ரிப்போர்ட்டை எடுத்துப் படித்தேன். பர்மிட் காலை ஆறு முதல் பகல் பன்னிரண்டு வரை. சரி. வெல்டிங் பொறி தார்ப்பாயில் விழுந்து தீ பிடித்தது மதியம் ஒன்று ஐம்பதுக்கு. அடடா. அடுத்த வரி, வெல்டரே ஓடிப்போய்த் தீயை அணைத்தது காலை பதினொன்று இருபத்தைந்துக்கு.

திரும்பவும் படித்தேன். அதே மாதிரிதான் இருந்தது. ஒரு மனிதன் தீயை முதலில் அணைத்துவிட்டு, சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து எழுந்து, அப்புறம் நிதானமாகப் பற்றவைத்திருக்கிறான். இதைப் படித்துவிட்டு கிளையண்டு வெல்டரை அனுப்புகிறாரே, ரிப்போர்ட் எழுதினவரை அல்லவா அனுப்ப வேண்டும் என்று எனக்கு எரிச்சலும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

மேனேஜரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"ஒன்னு ஐம்பதுன்னு நானா கற்பனை பண்ணேன்? அவனே கைப்பட எழுதி ஃபேக்ஸ் அனுப்பியிருக்கான். அணைச்ச நேரமும் பர்மிட் நேரமும் சைட் ஆபீஸ் கொடுத்தது. எல்லாம் ஆதாரத்தோடதான் போட்டிருக்கேன்."

"ஆதாரமெல்லாம் சரி சார். எது எந்த ஊர் மணி?"

"மணின்னா மணிதான்" என்றார். அப்பளம் உப்பத் தொடங்கிவிட்டது.

வெளியே வந்து அந்தப் பெண்ணைக் கேட்டேன். "உன் புருஷன் எந்த வாட்ச் கட்டியிருக்காரு?"

"நான் வாங்கிக் குடுத்ததுதான். ஏர்போர்ட்ல நானே கட்டிவுட்டேன்."

"அங்க போய் மணிய மாத்தினாரா?"

"மாத்தக்கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்பினேன். வாட்ச்சப் பாத்தா எங்க வூட்டு மணி தெரியணும்னு. பாப்பா இஸ்கூல் வுட்டுச்சா, நான் தண்ணி லாரிக்கு நிக்கறேனா, எல்லாம் அங்கேர்ந்தே சொல்லுவாரு." சொல்லும்போது அவள் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. நம் ஆட்களில் பாதிப் பேர் அப்படித்தான், உடம்பு கத்தாரில், கைக்கடிகாரம் வியாசர்பாடியில். கத்தார் மணி நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அவன் வாட்ச்சில் ஒன்று ஐம்பது என்றால் அந்த ஊரில் பதினொன்று இருபது. தீ பிடித்த ஐந்தே நிமிஷத்தில் அணைத்திருக்கிறான். பர்மிட் முடிய இன்னும் அரைமணிக்கு மேலேயே இருந்திருக்கிறது.

ஆனாலும் நானாகக் கழித்துப் போட்டுவிடக் கூடாதே. சைட் சூப்பர்வைசருக்கு ஐ.எஸ்.டி. போட்டேன். "தீ பிடிச்சப்ப சைட் ஆபீஸ் சுவத்துக் கடிகாரத்துல எத்தனை மணி?" என்றேன். "பதினொன்னு இருபதுங்க. அலாரம் அடிச்ச நேரத்த செக்யூரிட்டியும் குறிச்சிருக்கான்" என்றார். "அத எழுதி உடனே ஃபேக்ஸ் பண்ணுங்க, கத்தார் நேரம்னு பக்கத்துலயே போடுங்க" என்று சொல்லி வைத்தேன். பதினைந்து நிமிஷத்தில் வந்துவிட்டது.

அதையும் மேனேஜரிடம் நீட்டினேன். படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"திருத்தின ரிப்போர்ட் அனுப்பினா நம்ம கம்பெனிக்கு டைம் பார்க்கத் தெரியாதுன்னு ஆகும்மா. கிளையண்ட் விசாரணைன்னு ஒன்னு வைப்பான், அங்க அவனே வாயால சொல்லிக்கட்டும். ஒரு டைம் கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா உலகம் முழுகிடாது."

அந்தப் பெண் கதவோரம் நின்று இதைக் கேட்டுவிட்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோபம் வந்தால் சத்தம் போடுகிற ஜாதி இல்லை நான். வேலை செய்கிற ஜாதி. "நீ வூட்டுக்குப் போ, மதியம் வா" என்று அவளை அனுப்பிவிட்டு வருகைப் பதிவேட்டைத் திறந்தேன்.

யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்று தினமும் மதியச் சாப்பாட்டுக்கு முன் நான் முதலாளிக்கு ஒரு தாள் ஃபேக்ஸ் அனுப்ப வேண்டும். முதலாளி பாரிமுனை ஆபீஸில் இருந்தார். மற்ற எல்லார் நேரத்தையும் ஒழுங்காக எழுதினேன். மேனேஜர் முந்தின நாள் சாயங்காலம் ஐந்தரைக்குக் கிளம்பியதாகப் பதிவேட்டில் இருந்தது. அதைக் கத்தார் மணிக்கு எழுதினேன், மூன்று. அன்று காலை ஒன்பது பத்துக்கு வந்தார். அதைச் சிங்கப்பூர் மணிக்கு எழுதினேன். அந்த ஊர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், ஆக பதினொன்று நாற்பது. எந்த ஊர் மணி என்று மட்டும் எங்கேயும் எழுதவில்லை. மணின்னா மணிதானே.

மேனேஜர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருக்கமாட்டார், போன் வந்தது. முதலாளியின் குரல் ரிசீவரைத் தாண்டி என் மேஜை வரைக்கும் கேட்டது.

"நேத்து மூணு மணிக்கே கிளம்பிட்டே, இன்னிக்கு மத்தியானம் ஆவப் போகச்சொல்ல வந்திருக்கே. ஆபீஸ் நடத்துறியா, மாமியார் வூட்டுக்கு வந்துட்டுப் போறியா நைனா?"

"ஐயா, நான் ஒன்பது பத்துக்கே..."

"உன் ஆபீஸ் தாள்லதான்யா கீது. கையெழுத்து போட்டுக் கீது. ஆதாரம் இல்லாம பேசறனா நானு?"

மேனேஜர் போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தபோது அப்பளம் முழுசாக உப்பியிருந்தது.

"என்னம்மா பொய் எழுதி அனுப்பியிருக்கீங்க? காலையில நான் வந்ததும் டீ சொன்னதே நீங்கதானே."

"பொய் ஒன்னுமில்ல சார். நேத்து நீங்க கிளம்பினப்ப கத்தார்ல மூணு மணி. இன்னிக்கு வந்தப்ப சிங்கப்பூர்ல பதினொன்னு நாற்பது. ரெண்டு ஊர்லயும் நம்ம ஆளுங்க இருக்காங்களேன்னு கலந்து போட்டேன். கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா என்ன, முதலாளி விசாரணை வைப்பாரு, அங்க நீங்க வாயால சொல்லிக்கலாம்."

இன்றைக்கு வேலை போச்சு என்றுதான் நினைத்தேன், பொய் சொல்வானேன். அப்புறம் அவர் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போன கோணல் அது. "திருத்தின ரிப்போர்ட்ட டைப் பண்ணுங்க, கையெழுத்து போடறேன். அதுக்கு முன்னாடி முதலாளிக்கு நல்ல தாள் ஒன்னு அனுப்பித் தொலைங்க" என்றார்.

இரண்டையும் செய்தேன். திருத்திய ரிப்போர்ட்டின் தலையிலேயே, இதில் உள்ள நேரமெல்லாம் கத்தார் நேரம், அடைப்புக்குறிக்குள் இருப்பது இந்திய நேரம், கத்தார் இந்தியாவுக்கு இரண்டரை மணி பின்னால் என்று எழுதினேன். இருபத்துநான்கு மணிக் கணக்கில் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு நேரமும் போட்டேன். தீ பிடித்தது 11.20 (13.50). அணைத்தது 11.25 (13.55). பர்மிட் முடிவு 12.00 (14.30). எந்த நேரம் எந்தக் கடிகாரத்தில் பார்த்தது என்பதையும் சேர்த்தேன். வெல்டரின் வாக்குமூலத்தில் நான் கை வைக்கவில்லை. அவன் எழுதிய ஒன்று ஐம்பது அப்படியே இருந்தது, அது இந்திய நேரம் காட்டிய வாட்ச் என்ற குறிப்பை மட்டும் கீழே போட்டேன். முதல் ரிப்போர்ட் தவறு, இதையே கொள்ளவும் என்ற வரியை மேனேஜரே சொல்லிப் போடச் சொன்னார். அந்த நேர்மைக்காக அவரை அன்றைக்கு மன்னித்தேன்.

அந்தப் பெண் திரும்பி வந்து காத்திருந்தாள். சாயங்காலம் கிளையண்டிடமிருந்து ஒற்றை வரியில் பதில் வந்தது. கேட் பாஸ் திருப்பித் தரப்படுகிறது, மறுநாளே வேலைக்கு வரலாம். படித்துச் சொன்னதும் அவள் என் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் அழுதாள், உடனே சிரித்தாள், என் டீயை எடுத்துக் குடித்தாள்.

"ஒன்னு மட்டும் சொல்லிடணும் உன் புருஷன்கிட்ட. வாட்ச்ச அந்த ஊர் மணிக்கு மாத்திக்கச் சொல்லு. இன்னொரு தடவ இப்படி எழுதிக் குடுத்தா நான் லீவுல இருந்தாலும் இருப்பேன்."

அவள் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாத்திட்டா அவரு அந்த ஊரு ஆளாயிடுவாரேக்கா" என்றாள்.

அவன் தங்கியிருந்த கேம்ப் நம்பரைப் போட்டு, அவனைக் கூப்பிடச் சொல்லி, ரிசீவரை அவள் கையில் கொடுத்தேன். அவன் வந்து லைனில் நின்றதும் அவள் நலம்கூட விசாரிக்கவில்லை.

"இந்தா, வாட்ச்ச அந்த ஊரு டைமுக்கு மாத்திக்கோ. நான் இங்க கணக்குப் போட்டுக்கறேன்."